நான்கு சதவீதம் என்ற வாக்கு

விலைவாசி ஓர் ஆண்டில் எவ்வளவு உயரலாம் என்பதை ஓர் எண்ணாக முன்கூட்டியே அறிவித்து, அந்த எண்ணுக்கு மத்திய வங்கியே பொறுப்பேற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பணவீக்க இலக்கு என்று பெயர். இதற்கு முதலில் சட்ட வடிவம் கொடுத்த நாடு நியூசிலாந்து. அங்கே 1989இல் சட்டம் வந்தது; 1990இல் 0 முதல் 2 சதவீதம் என்று இலக்கு குறிக்கப்பட்டது. இந்தியாவில் 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இந்த முறை நடைமுறைக்கு வந்தது. இலக்கு 4 சதவீதம். அதற்கு மேலும் கீழும் 2 புள்ளி விலக அனுமதி உண்டு. ஆக, நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வு 2 சதவீதத்துக்கும் 6 சதவீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். வட்டியை முடிவு செய்வது ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு. ரிசர்வ் வங்கியைச் சேர்ந்தவர்கள் மூவர், அரசு நியமிக்கும் வெளியாட்கள் மூவர். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் ஆளுநரின் கூடுதல் வாக்கு தீர்மானிக்கும்.

இந்தக் குழுவின் கையில் இருக்கும் முதன்மைக் கருவி ரெப்போ வட்டி. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்குப் பணம் வாங்கும்போது கொடுக்கும் வட்டி அது. அது ஏறினால் வீட்டுக் கடன், தொழில் கடன் என்று எல்லாவற்றின் வட்டியும் படிப்படியாக ஏறும், கடன் வாங்குவது குறையும், செலவு தணியும், விலையை உயர்த்த வியாபாரிக்கு இடம் சுருங்கும். இந்தச் சங்கிலி மெதுவானது. இன்று எடுத்த முடிவு விலைவாசியில் முழுமையாகத் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆகலாம். எனவே குழு இன்றைய விலையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க முடியாது. அடுத்த ஆண்டின் விலையைக் கணித்துத்தான் எடுக்க வேண்டும்.

எதிர்பார்ப்பே விலையாகும் விதம்

நாளைய விலையில் ஒரு பகுதி, நாளை விலை எப்படி இருக்கும் என்று இன்று மக்கள் நினைப்பதிலிருந்தே பிறக்கிறது. அடுத்த ஆண்டு விலைவாசி 8 சதவீதம் ஏறும் என்று ஒரு தொழிற்சங்கம் கருதினால், அதற்குக் குறைந்த சம்பள உயர்வுக்கு அது ஒப்பாது. அந்த உயர்வைக் கொடுக்கும் நிறுவனம் தன் பொருளின் விலையில் அதை ஏற்றும். வீட்டு உரிமையாளர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதும், பள்ளி நிர்வாகம் கட்டணத்தை நிர்ணயிக்கும்போதும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். எல்லோரும் 8 சதவீதம் என்று எண்ணி நடந்துகொண்டால், வேறு காரணமே இல்லாவிட்டாலும் விலைவாசி 8 சதவீதத்தை நோக்கி நகரும். எல்லோரும் 4 என்று நம்பினால், மத்திய வங்கியின் வேலையில் பாதி முடிந்துவிடும்.

அந்த நம்பிக்கையைப் பெறுவதுதான் கடினம். விலைவாசியை அடக்குவதாகச் சொல்லிவிட்டு, தேர்தல் நெருங்கும்போது வட்டியைக் குறைத்து, வேலைவாய்ப்பைத் தற்காலிகமாகப் பெருக்க எந்த அரசுக்கும் ஆசை வரும். மக்களுக்கும் அது தெரியும். ஆகவே வெறும் சொல்லை அவர்கள் நம்புவதில்லை. பின் கிட்லாண்ட், எட்வர்ட் பிரெஸ்காட் என்ற பொருளியலாளர்கள் 1977இல் இந்தச் சிக்கலை முறையாக எடுத்துக்காட்டினார்கள். 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். வாக்குக் கொடுத்தவரே அதை மீறுவதில் லாபம் காண்பார் என்றால், மீறுவதைக் கடினமாக்கும் கட்டுப்பாடு வேண்டும். இலக்கைச் சட்டத்தில் எழுதுவது, முடிவைக் குழுவிடம் விடுவது, உறுப்பினர் ஒவ்வொருவரும் எப்படி வாக்களித்தார் என்பதை வெளியிடுவது எல்லாம் அத்தகைய கட்டுப்பாடுகளே.

இந்தியச் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. சராசரிப் பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் எல்லைக்கு வெளியே இருந்தால் அது தோல்வி. ஏன் தவறியது, என்ன செய்யப்போகிறது, எப்போது இலக்குக்குத் திரும்பும் என்று ரிசர்வ் வங்கி அரசுக்கு எழுதித் தர வேண்டும்.

2022: வட்டி ஏறிய ஆண்டு

கொரோனா முடக்கத்தின்போது, 2020 மே மாதம் ரெப்போ வட்டி 4 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் அது அசையவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி, கச்சா எண்ணெய், சமையல் எண்ணெய், கோதுமை எல்லாம் விலையேறின. ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதத்தைத் தொட்டது. வங்கி வட்டி 4, விலை உயர்வு கிட்டத்தட்ட 8 என்றால், கடன் வாங்குபவர் திருப்பிக் கொடுக்கும் பணத்தின் மதிப்பு வாங்கிய பணத்தின் மதிப்பைவிடக் குறைவு. இந்த நிலையில் வட்டி விலைவாசிக்குத் தடை போடவில்லை, தூண்டிவிட்டது.

அதைவிடக் கவலைக்குரிய அறிகுறி வேறிடத்தில் இருந்தது. உணவையும் எரிபொருளையும் நீக்கிவிட்டுக் கணக்கிடும் மையப் பணவீக்கமும் 6 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. எண்ணெயில் தொடங்கிய உயர்வு துணி, மருத்துவம், போக்குவரத்து என்று பரவிவிட்டதற்கு அது அடையாளம். குழு அட்டவணையில் இல்லாத கூட்டம் ஒன்றை நடத்தி, மே 4 அன்று வட்டியை 4.40 ஆக்கியது. பிறகு படிப்படியாக ஏற்றி, 2023 பிப்ரவரியில் 6.50இல் நிறுத்தியது. மொத்த உயர்வு 2.5 புள்ளி.

இதற்கிடையில் 2022இன் முதல் மூன்று காலாண்டுகளும் 6 சதவீதத்துக்கு மேல் முடிந்தன. சட்டப்படி அது தோல்வி. நவம்பர் 3 அன்று குழு தனியாகக் கூடி அரசுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையைப் பற்றி விவாதித்தது. அந்த அறிக்கை வெளியிடப்படவில்லை. பிரிட்டனில் இலக்கிலிருந்து 1 புள்ளிக்கு மேல் விலகினாலே ஆளுநர் நிதியமைச்சருக்கு எழுதும் கடிதம் பகிரங்கமாகிறது. இலங்கையின் 2023ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டமும் தவறியதற்கான விளக்கத்தைப் பாராளுமன்றத்தின் முன் வைக்கச் சொல்கிறது. நம்பகத்தன்மையைக் கட்டுவதற்காக எழுதப்பட்ட விதி, பொதுமக்களின் பார்வைக்கு வராமல் போனால் அதன் பயன் பாதியாகிவிடும் என்று இந்தியாவில் விமர்சனம் எழுந்தது இதனால்தான்.

2023: வட்டி அசையாத ஆண்டு

அடுத்த ஆண்டு ஜூலையில் பணவீக்கம் மீண்டும் 7.44 சதவீதத்துக்குப் போனது. எண் ஏறக்குறைய அதேதான். ஆனால் குழு இம்முறை வட்டியைத் தொடவில்லை, 6.50இலேயே விட்டது. காரணம் தக்காளி. மழையும் பயிர்ச் சேதமும் சேர்ந்து விலை கிலோ 100 ரூபாயைத் தாண்ட, சென்னையில் தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. குறியீட்டில் காய்கறிகளின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதம்தான். அந்தக் காய்கறி விலை ஓர் ஆண்டில் 37 சதவீதம் உயர்ந்தபோது, மொத்தப் பணவீக்கத்தில் 2 புள்ளிக்கு மேல் அது ஒன்றே சேர்த்துவிட்டது. காய்கறியை நீக்கிப் பார்த்தால் மிஞ்சுவது சுமார் 5. மையப் பணவீக்கமும் 5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழேயே இருந்தது. விலை உயர்வு பரவவில்லை.

வட்டியை ஏற்றித் தக்காளியை விளைவிக்க முடியாது. அடுத்த அறுவடை சந்தைக்கு வந்தால் விலை தானாக இறங்கும். இன்று ஏற்றும் வட்டியோ அடுத்த ஆண்டுதான் வேலை செய்யும். செப்டம்பரில் பணவீக்கம் 5.02 சதவீதமாக இறங்கியது. காத்திருந்த முடிவு பலித்தது. ஆனால் காத்திருக்க முடிந்ததற்கு ஒரு முன்நிபந்தனை இருந்தது. முந்தைய ஆண்டில் வங்கி வட்டியை ஏற்றிக் காட்டியிருந்ததால், இப்போது அது சும்மா இருப்பதை அலட்சியமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சேர்த்து வைத்த நம்பகத்தன்மைதான் பொறுத்திருக்கும் உரிமையைத் தருகிறது.

அது இல்லாத நாட்டுக்கு உதாரணம் துருக்கி. அங்கேயும் 5 சதவீதம் என்று இலக்கு இருந்தது. 2021 மார்ச்சில் வட்டியை 19 சதவீதமாக உயர்த்திய ஆளுநரை அதிபர் எர்டோகன் உடனே பதவியிலிருந்து நீக்கினார். விலைவாசி ஏறிக்கொண்டிருந்தபோதே செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் வட்டி 14 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. 2024இல் வட்டியை 50 சதவீதம் வரை ஏற்ற வேண்டியதாயிற்று. இலக்கு எண் காகிதத்தில் மாறவே இல்லை. அதை நம்ப ஆள் இல்லை.

விலை கொடுப்பவர் யார்

பணவீக்கத்தை இறக்குவது இலவசமல்ல. நியூசிலாந்து 1991இலேயே இலக்கை எட்டியது. அதே காலத்தில் அங்கே வேலையில்லாதோர் விகிதம் 10 சதவீதத்தைக் கடந்தது. புதிய வாக்கை மக்கள் உடனே நம்பாததால், செயலில் காட்டித்தான் நம்ப வைக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவை வேலை இழந்தவர்கள் சுமந்தார்கள்.

இந்தியாவில் 2019 அக்டோபருக்குப் பின் கொடுக்கப்படும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டுள்ளன. 6.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 30 லட்சம் கடன் வாங்கியவருக்கு மாதத் தவணை சுமார் 22,370 ரூபாய். 2.5 புள்ளி ஏறி வட்டி 9 ஆனால் அதே கடனுக்குத் தவணை சுமார் 26,990. வங்கிகள் பல நேரம் தவணையை ஏற்றாமல் ஆண்டுகளை நீட்டிவிடுவதால் இந்தச் சுமை உடனே கண்ணில் படுவதில்லை.

இன்னொரு சிக்கல் இந்தியக் குறியீட்டிலேயே இருந்தது. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு ஏறத்தாழ 46 சதவீதம். மழையும் வெயிலும் தீர்மானிக்கும் விலைகளுக்கு வட்டிக் குழு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எனவே உணவை விட்டுவிட்டு இலக்கு வைக்கலாம் என்று ஒரு வாதம் உண்டு. வீட்டுச் செலவில் பெரும்பகுதி உணவாக இருக்கும் மக்களிடம், உணவு சேராத விலைவாசி கட்டுக்குள் இருப்பதாகச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்பது எதிர்வாதம். 2025 அக்டோபரில் நிலை தலைகீழானது. உணவு விலை சரிந்து பணவீக்கம் 0.25 சதவீதமாக, கீழ் எல்லையையும் விட்டு இறங்கியது. வாங்குபவருக்கு அது நிம்மதி. விளைவித்த விவசாயிக்கு வருமான இழப்பு. பிப்ரவரியில் வட்டியைக் குறைக்கத் தொடங்கியிருந்த குழு, டிசம்பரில் அதை 5.25 வரை கொண்டுவந்தது.

நம்பகத்தன்மை இருக்கிறதா என்று அறிய இரண்டு சோதனைகள் உதவும். ஒன்று, ரிசர்வ் வங்கி நகரக் குடும்பங்களிடம் நடத்தும் எதிர்பார்ப்புக் கணக்கெடுப்பு. மக்கள் சொல்லும் எண் பொதுவாக உண்மைப் பணவீக்கத்தைவிட உயரமாகவே இருக்கும் என்பதால், எண்ணைவிட அது நகரும் திசையே முக்கியம். மற்றொன்று, காய்கறியோ பெட்ரோலோ விலையேறும்போது சில மாதங்களில் மையப் பணவீக்கமும் பின்தொடர்ந்து ஏறுகிறதா என்பது. ஏறினால் மக்கள் 4 சதவீதத்தை நம்பவில்லை என்று பொருள்; வட்டியைக் கூட்டுவதைத் தவிர வழியில்லை. ஏறாவிட்டால் குழு பொறுத்திருக்கலாம், அதன் பலனாக வேலைகளும் தப்பும்.