முகவரின் பதிவில் எதை நம்பலாம்?

“சர்க்கரை நோய் இருந்தாலும் கவலை வேண்டாம், முதல் நாளிலிருந்தே முழு கிளெய்ம்!” மருத்துவக் காப்பீட்டு முகவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதினால் அழைப்புகள் குவியும். அவர் விற்கும் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருந்தால், அந்த வாக்குறுதி முதல் கிளெய்மிலேயே பொய்த்துப்போகும்.

அதே முகவர் வேறு விதமாகவும் எழுதலாம்: “பாலிசி எடுக்கும்போதே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 36 மாதங்கள் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். உங்கள் பாலிசியில் எத்தனை மாதம் என்று பாருங்கள். விண்ணப்பத்தில் நோயை மறைக்காதீர்கள்.” இதில் கவர்ச்சி குறைவுதான். ஆனால், இரண்டாம் ஆண்டில் சர்க்கரையால் மருத்துவமனையில் சேரும் வாடிக்கையாளர், கிளெய்ம் ஏன் மறுக்கப்பட்டது என்பதைப் புரிந்துகொள்வார், முகவர்மீது கோபப்படமாட்டார்.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்குத் தடை விதித்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பாலிசியை விளம்பரப்படுத்த, முகவர் அந்த நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும்.

ஆயுள் காப்பீட்டிலும் இதே சிக்கல் உண்டு. உத்தரவாதமில்லாத பலனை விளக்க 4%, 8% என்ற இரண்டு அனுமான விகிதங்களில் கணக்கிட்டுக் காட்டுவார்கள். 8 சதவீதத் தொகையை மட்டும் எடுத்து, “முதிர்வில் இவ்வளவு கிடைக்கும்” என்று போடுவது அனுமானத்தை உறுதிமொழியாக்குவது.

“முதல் பிரீமியத்தில் பாதியை நானே தருகிறேன்” என்பதும் குற்றம். 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது.

விதிவிலக்குகளையும் சேர்த்துச் சொல்லும் முகவரிடமே பாலிசி எடுங்கள். எடுத்தபின் ஆவணத்தைப் படியுங்கள். பிடிக்காவிட்டால் திருப்பித் தர 30 நாள் அவகாசம் இருக்கிறது.