எந்தத் தேதியிலிருந்து கணக்கு?

சிசேரியன் என்று முடிவானதும் நம் வீடுகளில் முதலில் வெளியே வருவது பஞ்சாங்கம். நாள், நட்சத்திரம், நேரம் எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் இன்ஷூரன்ஸ் அட்டையைத் தேடுவார்கள். நான் சொல்ல வருவது அந்த வரிசையை மாற்றுவது பற்றித்தான். பாலிசிக்கும் ஒரு நாள் கணக்கு இருக்கிறது. அது ஒரு நாள் தப்பினாலும் பணம் வராது.

இந்தியாவில் விற்கப்படும் குடும்ப மருத்துவக் காப்பீடுகள் பலவற்றில் பிரசவச் செலவு கிடையவே கிடையாது. விலக்குப் பட்டியலில் 'மகப்பேறு' என்று நேரடியாகவே போட்டிருப்பார்கள். சிசேரியனும், பிரசவத்தில் வரும் சிக்கலும் அந்த விலக்குக்குள் அடங்கும். கருப்பைக்கு வெளியே கரு தங்கிவிடும் நிலைக்கு மட்டும் அதில் விதிவிலக்கு உண்டு. பிரசவத்தைச் சேர்த்துக்கொள்ளும் பாலிசிகள் இரண்டு கட்டுப்பாடுகளோடு வரும். முதலாவது காத்திருப்புக் காலம். 9 மாதத்தில் தொடங்கி 2, 3, 4 ஆண்டுகள் வரை பாலிசிக்குப் பாலிசி மாறும். இரண்டாவது சப்-லிமிட். மொத்தக் காப்பீடு எத்தனை லட்சமாக இருந்தாலும் பிரசவத்துக்கு இவ்வளவுதான் என்று போடும் தனி உச்சவரம்பு அது. அலுவலகம் எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் காத்திருப்பு இருக்காது, உச்சவரம்பு இருக்கும். கணவன், மனைவி இருவரில் யாருக்காவது அது இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

இந்த இரண்டும் அச்சிட்டுக் கொடுத்த பாலிசியிலேயே இருக்கும்போது கம்பெனியை ஏன் கேட்க வேண்டும்? ஒரு கணக்குப் போட்டால் புரியும்.

ஒருவர் 2023 ஜூன் 15 அன்று தனக்கு மட்டும் ஒரு பாலிசி எடுக்கிறார். அதில் மகப்பேறுக்கு 24 மாதக் காத்திருப்பு. அடுத்த ஆண்டு திருமணம். 2024 ஜூன் 15 அன்று புதுப்பிக்கும்போது மனைவியையும் சேர்த்துக் குடும்ப பாலிசியாக்குகிறார். குழந்தை பிறக்க டாக்டர் குறித்த தேதி 2026 ஜூன் 20. 'பாலிசி எடுத்து மூன்று வருஷம் ஆகப் போகிறது, கவலை இல்லை' என்று அவர் நிம்மதியாக இருக்கிறார்.

பெரும்பாலான பாலிசிகளில் காத்திருப்பு என்பது பாலிசிக்கு அல்ல, அதில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனி. மனைவியின் 24 மாதம் அவர் சேர்ந்த நாளில்தான் தொடங்குகிறது, 2026 ஜூன் 14 அன்று முடிகிறது. ஜூன் 15 முதல்தான் அவருடைய பிரசவத்துக்குக் காப்பீடு. 20ஆம் தேதி அதற்குப் பிறகுதானே என்று தோன்றும். ஆனால் திட்டமிட்ட சிசேரியனைப் பொதுவாக 39 வாரம் நிறைந்ததும் செய்வார்கள். டாக்டர் குறித்த தேதி 40 வாரக் கணக்கு. ஒரு வாரம் பின்னால் போனால் ஜூன் 13. இரண்டு நாள் குறைகிறது.

இன்னொரு சிக்கலும் அதே வாரத்தில் இருக்கிறது. ஜூன் 15 பாலிசியைப் புதுப்பிக்கும் நாளும்கூட. ஆண்டுக்கொரு முறை பிரீமியம் கட்டுகிறவருக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் காத்திருந்த மாதங்கள் வீணாகாது. ஆனால் கட்டாமல் விட்ட அந்த இடைப்பட்ட நாட்களில் மருத்துவமனையில் சேர்ந்தால் காப்பீடு கிடைக்காது. பிரசவ அவசரத்தில் பிரீமியத்தை மறந்தவருக்கு, காத்திருப்பை முடித்தும் கையில் பாலிசி இல்லாத நிலை. இதை முன்கூட்டியே கட்டி வைத்துவிட வேண்டும்.

இப்போது கம்பெனிக்கு எழுத வேண்டியதைப் பார்ப்போம். ஏஜெண்டைக் கேட்டால் 'எல்லாம் கவர் ஆகும் சார்' என்பார். வாடிக்கையாளர் மையத்தில் போனை எடுப்பவரும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார். நாளை கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் அந்தச் சொற்களை நிரூபிக்க வழியில்லை. மருத்துவமனைக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருக்கும் டிபிஏ நிறுவனம் காகிதங்களைக் கையாள்வது, பாலிசிக்கு இறுதி விளக்கம் தருவது கம்பெனிதான். அதனால் பாலிசியில் பதிவான மின்னஞ்சலிலிருந்து கம்பெனிக்கே எழுதி, புகார் எண் போலத் தரப்படும் கோரிக்கை எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். ஐந்தாறு மாதம் இருக்கும்போதே எழுதினால் பதில் தெளிவில்லாதபோது மறுபடி கேட்க நேரம் இருக்கும்.

கடிதம் இப்படி இருக்கலாம்: "என் பாலிசி எண் இது. என் மனைவி 15.06.2024 அன்று சேர்க்கப்பட்டார். பிரசவம் 20.06.2026 என்று டாக்டர் குறித்திருக்கிறார். அவருக்கு மகப்பேறு காத்திருப்பு எந்தத் தேதியில் முடிகிறது? அந்தத் தேதியை ஒப்பிடுவது மருத்துவமனையில் சேர்ந்த நாளோடா, குழந்தை பிறந்த நாளோடா? சுகப்பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் உச்சவரம்பு எவ்வளவு? கர்ப்பகாலப் பரிசோதனைச் செலவும் பிறந்த குழந்தையின் சிகிச்சையும் அதற்குள்ளா, தனியா? பாலிசியின் எந்தப் பிரிவின்படி என்று குறிப்பிட்டு எழுத்தில் பதில் தரவும்."

சேர்ந்த நாளா, பிறந்த நாளா என்ற கேள்வி தலைமுடியைப் பிளப்பது போலத் தெரியும். 14ஆம் தேதி இரவு சேர்ந்து 15ஆம் தேதி காலை பிறந்தால் முழுத் தொகையும் அந்தக் கேள்வியில்தான் தொங்கும்.

வரும் பதிலைக் கவனமாகப் படியுங்கள். 'பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு மகப்பேறு கவர் உண்டு' என்பது பதிலே அல்ல. தேதியும் ரூபாயும் இல்லாமல் வந்தால் அதே மின்னஞ்சலின் கீழேயே திரும்பக் கேட்க வேண்டும். அப்போதும் நழுவினால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பலாம். அவர் பெயரும் முகவரியும் பாலிசியோடு தரும் வாடிக்கையாளர் தகவல் தாளில் இருக்கும்.

உச்சவரம்பைப் பற்றிய பதில் வந்ததும் மருத்துவமனையில் உத்தேசச் செலவை எழுதி வாங்கி, பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் கணக்கில் காப்பீடு 5 லட்சம், சிசேரியனுக்கு வரம்பு 40,000 ரூபாய், மருத்துவமனை சொல்வது 1,10,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி 40,000 தரும், கையிலிருந்து 70,000. கர்ப்பகால ஸ்கேன்களுக்கு ஏற்கெனவே 8,000 வாங்கியிருந்து, அதுவும் அதே வரம்புக்குள் என்றால் மிச்சம் 32,000தான். வரம்பைக் கூட்டலாமே என்று கடைசி நேரத்தில் காப்பீட்டுத் தொகையை உயர்த்துவதிலும் பயனில்லை. உயர்த்திய பகுதிக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

இனி அந்த இரண்டு நாள். கம்பெனி '15 முதல்' என்று எழுதிவிட்டது. 16 அல்லது 17இல் அறுவை சிகிச்சை செய்யலாமா என்று டாக்டரைக் கேட்பதில் தவறில்லை. தாய்க்கும் சேய்க்கும் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டால் அவர் சம்மதிக்கக்கூடும். ரத்த அழுத்தம் ஏறுகிறது, பனிக்குட நீர் குறைகிறது, முந்தைய சிசேரியன் தழும்பு இருக்கிறது, 13ஐத் தாண்டக் கூடாது என்று அவர் சொன்னால் 40,000 ரூபாயை விட்டுவிட வேண்டியதுதான். பஞ்சாங்கத்துக்கும் இதே பதில்தான்.

தேதி உறுதியானதும், சேர்வதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் மேசையில் கேஷ்லெஸ் முன் அனுமதிப் படிவத்தைக் கொடுத்துவிடலாம். அதில் இது எத்தனையாவது கர்ப்பம், பிரசவத் தேதி என்ன என்று கேட்டிருக்கும். ஸ்கேன் அறிக்கையில் உள்ள தேதியும் படிவத்தில் எழுதும் தேதியும் ஒத்துப்போக வேண்டும். கம்பெனியின் மின்னஞ்சல் பதிலை அச்செடுத்து அந்தப் படிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள். குழந்தை பிறந்ததும் அதையும் பாலிசியில் சேர்க்க எழுத வேண்டும். சில பாலிசிகளில் முதல் நாளிலிருந்தே குழந்தைக்குக் காப்பீடு, சிலவற்றில் 91ஆம் நாளில்தான்.