ஒரு ஸ்லைடுக்கு ஒரு மரபுத்தொடர்

இன்ஸ்டாகிராமில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படத்தொகுப்புக்குக் கேரசல் என்று பெயர். தமிழ் மரபுத்தொடர்களை விளக்க இது நல்ல இடம். ஒரு ஸ்லைடில் ஒரு தொடர். அதற்குக் கீழே நேரடிப் பொருள், வழக்கில் உள்ள பொருள், இன்றைய வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. மூன்றே வரிதான், ஆனால் மூன்றிலும் சறுக்கலாம்.

‘ஆறப்போடுதல்’ என்பதை எடுத்துக்கொள்வோம். நேரடிப் பொருள், சூடான பண்டத்தை ஆறும்படி வைப்பது. வழக்குப் பொருளாக ‘தாமதப்படுத்துதல்’ என்று மட்டும் எழுதினால் பாதிதான் வந்திருக்கிறது. ஒரு விஷயத்தின் சூடு தணியட்டும் என்று தெரிந்தே தள்ளிவைப்பதுதான் ஆறப்போடுவது. ‘கிடப்பில் போடுதல்’ அப்படியல்ல. அங்கே கோப்பு அசையாமல் கிடக்கிறது, சூடு என்ற பேச்சே இல்லை. இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டுதான் காட்ட வேண்டும். ‘அவர் பிரச்சினையை ஆறப்போட்டார்’ என்ற வாக்கியத்தில் எதுவும் தெரியவில்லை. இப்படி எழுதிப் பார்க்கலாம்: ‘குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொத்துச் சண்டை முற்றியதும், பொங்கல் முடியட்டும், இப்போதைக்கு ஆறப்போடுவோம் என்றார் சித்தப்பா.’ இதைப் படிப்பவருக்குப் பொருள் வரி இல்லாமலே விஷயம் புரிந்துவிடும். எடுத்துக்காட்டு தேறியதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடையாது: பொருள் வரியை மறைத்துவிட்டு வேறொருவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும்.

சில தொடர்களில் நேரடிப் பொருளுக்குத்தான் கூடுதல் இடம் தேவை. மண் தரையில் விழுந்த விரிசலை மண்ணால் பூசி, மேலே சாணத்தால் மெழுகினால் குறை தெரியாது. டைல்ஸ் தரையில் வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் ‘பூசி மெழுகுதல்’ என்றால் குறையை மறைப்பது என்று விளக்கினால், ஏன் அப்படி என்ற கேள்வி நின்றுவிடும். ‘பணம் போயும் டிக்கெட் வரவில்லை, சிறிய தொழில்நுட்பக் கோளாறு என்று பூசி மெழுகுகிறார்கள்’ என்ற எடுத்துக்காட்டு அதற்குப் பிறகுதான் எடுபடும்.

இரண்டு பொருளும் இன்றும் புழங்கும் தொடர்களில் இலக்கணமே கைகொடுக்கிறது. ‘சாப்பிட்டுக் கை கழுவினான்’ என்றால் தண்ணீர்தான். ‘நண்பனைக் கை கழுவினான்’ என்றால் கைவிட்டுவிட்டான். நண்பனோடு ஒட்டிய அந்த ‘ஐ’ வந்ததுமே நேரடிப் பொருள் விலகிவிடுகிறது. ஆகவே எடுத்துக்காட்டில் யாரை, எதை என்பது கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, பழமொழியை இதில் கலக்கக் கூடாது. பழமொழி தனியே நிற்கும் முழுக் கூற்று. மரபுத்தொடரோ ‘கம்பி நீட்டினான்’, ‘கம்பி நீட்டுவாள்’, ‘கம்பி நீட்டாதே’ என்று வாக்கியத்துக்குள் புகுந்து காலமும் பாலும் ஏற்கும். அந்தக் கம்பி எங்கிருந்து வந்தது என்று ஆதாரமில்லாத கதை கட்டி ஸ்லைடை நிரப்புவதைவிட, நேரடிப் பொருளை ஒரே வரியில் முடித்து, ‘சீட்டுப் பணத்தோடு கம்பி நீட்டிவிட்டான்’ என்று போட்டுவிடலாம்.