பாதி வீச்சில் நின்ற வாள்

வீரன் ஓங்கிய வாள் எதிரியின் தோளில் பட்டுவிட்டது. எதிரியின் உயிர்க்கோடும் ஒரு பிடி இறங்கிவிட்டது. அந்த நொடியில் அடுக்களையிலிருந்து கூப்பிடுகிறார்கள். ஆடுபவர் சேவ் செய்துவிட்டு எழுகிறார். திரும்பி வந்து லோட் செய்தால், வீரன் கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒன்றும் அறியாதவன்போல நிற்கிறான். இன்னும் மோசமான விளையாட்டுகளும் உண்டு: வாளை முதலிலிருந்து வீசி, அதே ஆளை அதே வெட்டுக்கு இரண்டாம் முறை வெட்டுவான்.

காரணம் எளிது. சேவ் கோப்பில் வீரன் நிற்கும் இடமும் உயிரும் பைக்குள் இருக்கும் பொருள்களும்தான் எழுதப்பட்டிருக்கும். அவன் உடம்பு எந்த அசைவின் எந்தப் புள்ளியில் இருந்தது என்பதை யாராவது நினைவாகச் சேர்த்தால்தான் உண்டு.

பலர் பயன்படுத்தும் யூனிட்டி மென்பொருளில் அசைவுகளைக் கவனிக்கும் பகுதிக்கு அனிமேட்டர் என்று பெயர். அதனிடம் முதலில் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: இப்போது ஓடும் அசைவு எது, அதில் எவ்வளவு தூரம் வந்தாயிற்று? இரண்டாவது கேள்விக்கு விடை நொடியில் வராது; தொடக்கம் 0, முடிவு 1 என்ற கணக்கில் வரும். வாள்வீச்சு 1.5 நொடி நீளம், 0.9 நொடியில் சேவ் செய்தார் என்றால் விடை 0.6. நடை போலத் திரும்பத் திரும்ப ஓடும் அசைவில் 3.25 என்றும் வரலாம்: மூன்று சுற்று முடிந்து நான்காவதில் கால்பங்கு.

லோட் செய்யும்போது இரண்டு வரி போதும்:

```
animator.Play(hash, 0, 0.6f);
animator.Update(0f);
```

எதிரிக்கு அடி விழும் புள்ளியை 0.5-இல் வைத்திருந்தால், வீச்சு அதைத் தாண்டிய இடத்திலிருந்து தொடர்கிறது; இரண்டாவது வெட்டு விழாது. அடுத்த வரி காலத்தை நகர்த்தாது, உடம்பை மட்டும் உடனே அந்த நிலைக்குக் கொண்டுவரும். அதை விட்டுவிட்டால் திரை விழித்த கணத்தில் வீரன் வேறொரு நிலையில் தலைகாட்டிவிட்டு மறையக்கூடும்.

இதற்கு முன்பே ‘வேகம்’, ‘தரையில் இருக்கிறான்’ போன்ற மாறிகளையும் பழைய மதிப்புக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மறந்தால், குதித்து அந்தரத்தில் இருப்பவனைத் ‘தரையில் இருக்கிறான்’ என்று எண்ணி அனிமேட்டர் அங்கேயே முழங்காலை மடக்கி இறங்க வைக்கும்.

சிக்கலான கட்டம், ஓட்டம் நிற்பதாக மாறும் அந்தக் கால்நொடி. அப்போது இரண்டு அசைவுகளும் கலந்து ஓடுகின்றன. இரண்டின் பெயரும் நேரமும், கலப்பு எவ்வளவு முடிந்தது என்பதும் வேண்டும். பழைய அசைவை முன்போல அந்த இரண்டு வரிகளால் நிலைநிறுத்தியபின், புதிய அசைவின் பெயரையும் நேரத்தையும் கலப்பு எவ்வளவு முடிந்தது என்பதையும் `CrossFade` கட்டளை ஏற்கும். ஆனால் அந்தக் கலப்பும் நடுவில் குறுக்கிடப்பட்டு மூன்றாவது அசைவுக்குத் திரும்பியிருந்தால், யூனிட்டி அந்தக் கணத்து உடல்நிலையை உறையவைத்து அதிலிருந்து கலக்கிறது. அந்த உறைநிலையை `CrossFade` திருப்பித் தராது. எலும்பு எலும்பாகத் திருப்பங்களைக் குறித்து வைக்க வேண்டும். கலப்பு முடியும்வரை சேவை ஒத்திப்போட்டுவிடலாம், அதுதான் புத்திசாலித்தனமும்.

1996-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் விளையாட்டில் இந்தத் தலைவலி எழவே இடமில்லை. அங்கே சேவ் செய்ய, தட்டச்சு இயந்திரம் இருக்கும் இடத்துக்கு நடந்துபோய், மை நாடா ஒன்றைச் செலவழிக்க வேண்டும்.