லாக்டேஸை மணிக்குள் பிடித்தால்

பால் குடித்தால் வயிறு உப்பும் ஆட்களுக்காக ‘லாக்டோஸ் இல்லாத பால்’ விற்கிறார்கள். அதில் பெரும்பாலும் லாக்டேஸ் என்ற நொதியைக் கலந்திருப்பார்கள். அது பாலின் சர்க்கரையான லாக்டோஸை குளுக்கோஸ், காலக்டோஸ் என இரண்டாக வெட்டும். வெட்டி முடித்த பிறகும் நொதி அப்படியே இருக்கும். ஆனால் பாலில் கரைந்துவிட்டதைத் திரும்ப எடுப்பது எப்படி?

நொதியை மணிக்குள் அடைத்துவிடுவது ஒரு வழி. மன்னார் வளைகுடாக் கரையில் சேகரிக்கும் சர்காசம் போன்ற பழுப்புப் பாசிகளிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். 2 சதவீத சோடியம் ஆல்ஜினேட் கரைசல் 8 மில்லியில் நொதிக் கரைசல் 2 மில்லியைக் கலந்து, ஊசிக்குழாயால் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சொட்டு விழுந்த கணத்திலேயே தோல் கட்டிக்கொள்ளும். பார்ப்பதற்கு ஊறிய ஜவ்வரிசிதான். இருபது நிமிடம் விட்டு, டீ வடிகட்டியில் வடித்துக் கழுவினால் மணிகள் தயார். கால்சியம் ஆல்ஜினேட் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அந்த வலையில் லாக்டோஸ் புகுந்து வெளியேறும், உருவில் பெரிய நொதி சிக்கிக்கொள்ளும்.

ஒப்பிடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். இரு பக்கமும் நொதியின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். மணிகளில் 2 மில்லி என்றால் நேரடியாகப் பாலில் கலப்பதும் 2 மில்லி. பால், வெப்பநிலை இரண்டும் அதேபோல. ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் இரண்டிலும் லாக்டோஸ் தீர்ந்துபோய், வித்தியாசமே தெரியாது. அதனால் முதல் சில நிமிடங்களில், நிமிடத்துக்கு ஒருமுறை குளுக்கோஸ் பட்டையை நனைத்துப் பார்க்க வேண்டும். சாதாரணப் பாலில் குளுக்கோஸ் மிகச் சொற்பம் என்பதால் பட்டையின் நிறமே கணக்குச் சொல்லிவிடும்.

இந்தப் பந்தயத்தில் மணிகள் பொதுவாகப் பின்தங்கும். லாக்டோஸ் ஜெல்லுக்குள் ஊர்ந்து போய்ச் சேர நேரம் பிடிக்கும், மணி பெரிதானால் இன்னும் அதிகமாக. கலந்த நொதி நிமிடத்துக்கு 10 பங்கு குளுக்கோஸ் தருகிறது, மணிகள் 6 பங்கு தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். நொதி ஒரு முறையோடு சரி. மணிகளை வடித்து, கழுவி, அடுத்தடுத்து 5.5, 5, 4.5, 4 எனத் தந்தால், ஐந்து சுற்றில் அதே நொதி 25 பங்கு வேலை வாங்கித் தந்திருக்கிறது.

அந்தச் சரிவு எதனால்? மணிகளை வடித்தெடுத்த பாலை அப்படியே வைத்து மறுபடி சோதிக்கலாம். மணியே இல்லாத பாலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டே போனால் நொதி வெளியே கசிந்திருக்கிறது. ஏறாவிட்டால் நொதி உள்ளேயே செயலிழந்திருக்கலாம், அல்லது கழுவும்போது சில மணிகள் கைநழுவியிருக்கலாம். சுற்றுக்கு ஒருமுறை மணிகளை எடை போடுவது அதற்குத்தான். ஆய்வகப் பழக்கத்தில் பாஸ்பேட் கரைசலால் கழுவினால் அது கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். மணி உப்பி, கொழகொழத்து, கடைசியில் கரைந்தே போகும். நீர்த்த கால்சியம் குளோரைடில் அலசினால் அந்தச் சிக்கல் வராது.