தலைக்கு அடித்த டையும் கைப்பையில் இருந்த கிறீமும்

வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்யும் என்னிடம் கர்ப்பவதிகள் அடிக்கடி கேட்பது, "மிஸ், டை அடித்தால் பிள்ளைக்குக் கூடாதா?" என்பதுதான்.

அண்மையில் நான்கு மாதக் கர்ப்பத்துடன் ஒரு தாய் கிளினிக்குக்கு வந்தார். கர்ப்பம் என்று தெரியமுன்னர் தலைக்கு ஒருமுறை டை அடித்திருந்தார். முன்னர் ஒரு கரு கலைந்தபோது அயலவர்கள் டையைத்தான் காரணம் சொன்னார்களாம். அந்தப் பயத்தில் நித்திரையே இல்லை என்றார்.

டையில் மிகச் சிறிதளவே தலைத்தோல் வழியாக உடலுக்குள் போகிறது. அதையும் எப்போதாவதுதான் அடிக்கிறோம். அதனால் கரு கலைந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, கரு உருவாகும்போதே நிறமூர்த்தங்களில் ஏற்படும் பிழையால் கலைகின்றன. அதில் தாயின் குற்றம் எதுவும் இல்லை. அவயவங்கள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் டையைத் தவிர்ப்பது ஒரு முன்னெச்சரிக்கை மட்டுமே. பிறகு அடிப்பதென்றால் கையுறை போட்டு, யன்னலைத் திறந்து வைத்து, சொன்ன நேரத்தில் கழுவிவிடலாம். டையோ கறுப்பு மருதாணியோ முன்னர் தோலில் கொப்புளம் போட்டிருந்தால் மட்டும் டையைத் தொடவே வேண்டாம்.

ஆனால் அன்று அவரது சிறுநீரில் அல்புமின் இருந்தது. கால்களும் வீங்கியிருந்தன. குருதி அமுக்கம் சாதாரணம். கர்ப்பகால உயர் குருதி அமுக்கத்தால் வரும் அல்புமின் பெரும்பாலும் 20 வாரங்களுக்குப் பிறகுதான் தெரியும். இது அதற்கு முந்திய காலம். "முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள், தங்கச்சி?" என்று கேட்டேன். கைப்பையிலிருந்து முகம் வெள்ளையாக்கும் கிறீம் ஒன்றை எடுத்தார். பல மாதங்களாக இரவில் பூசுகிறாராம். சேர்மானப் பட்டியலும் இல்லை, செய்தவர் முகவரியும் இல்லை. நகையில் படவிடக் கூடாது என்று மட்டும் எழுதியிருந்தது.

அந்த எச்சரிக்கைதான் என்னை உறுத்தியது. இரசம், அதாவது மேர்க்குரி, தங்கத்தோடும் வெள்ளியோடும் சேர்ந்து அவற்றைக் கெடுத்துவிடும். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் இதைக் கிறீமில் கலக்கிறார்கள். தினமும் பூசும்போது தோல் வழியாகப் போய்ச் சிறுநீரகத்தில் சேர்கிறது, கருவையும் சென்றடையக்கூடும். பூசிய முகத்திலிருந்தும் துவாயிலிருந்தும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பரவலாம்.

கிறீமை நிறுத்தச் சொல்லி, டப்பாவையும் கையில் கொடுத்து வைத்தியசாலைக்கு அனுப்பினேன். அல்புமினுக்கு வேறு காரணங்களும் உண்டு. இரசம்தானா என்பதை ஆய்வுகூடச் சோதனைதான் சொல்லும். கிறீமைப் பார்த்தோ மணந்தோ யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே பட்டியல் இல்லாத கிறீமையும், பட்டியலில் மேர்க்குரி, கலோமெல் என்று இருப்பதையும் பூசாதீர்கள்.

வீட்டுச் சாமான்களிலும் இப்படித்தான். சவர்க்காரத்துக்கோ நிலம் துடைக்கும் திரவத்துக்கோ பயப்படத் தேவையில்லை. கழிப்பறை கழுவும் அமிலத்தோடு குளோரின் தூளைக் கலப்பதுதான் ஆபத்து, அதில் எழும் வாயு மூச்சை அடைத்துவிடும்.

எப்போதோ ஒருநாள் தலையில் பட்டதை நினைத்து அழுத அந்தத் தாய், ஒவ்வொரு இரவும் முகத்தில் பூசியதைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை.