அன்று 'ஏ' கணக்கு, இன்று எழுத்துக் கணக்கு

குருண் வட்டாரத் தோட்டங்களில் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியருக்கு ஒரு காலத்தில் இருந்த பகுதிநேரத் தொழில் ஒன்றே: யுபிஎஸ்ஆர் டியூசன். 1988இல் தொடங்கிய அந்த ஆறாம் ஆண்டுத் தேர்வுக்குப் பழைய கேள்வித்தாள்களைப் பிள்ளைகளைக் கொண்டு திரும்பத் திரும்பச் செய்ய வைத்தால் போதும். எத்தனை 'ஏ' என்பதுதான் பெற்றோரின் ஒரே கேள்வி.

2021இல் யுபிஎஸ்ஆர் ஒழிந்தது, அடுத்த ஆண்டு பிடி3யும் போனது. அதன்பின் முதல் பெரிய பொதுத்தேர்வு எஸ்பிஎம்தான் என்றானது. இரண்டாம் ஆண்டில் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையை அடையாளம் காட்ட, வெளியிலிருந்து ஒரு தேர்வும் இல்லை. இங்குதான் அனுபவமுள்ள காதுக்கு வேலை இருக்கிறது.

வாசிப்பு வகுப்பின் முதல் நாளில் பாடநூலை எடுக்கக்கூடாது. கேட்டுக் கேட்டே மனப்பாடமான பிள்ளை, படத்தைப் பார்த்து முழுப் பக்கத்தையும் ஒப்பிக்கும். கடைசி வரியிலிருந்து மேலே வாசிக்கச் சொன்னால் குட்டு வெளிப்படும். பிறகு கையால் எழுதிய சொற்களைக் கொடுக்க வேண்டும்: கல், கால், எடு, ஏடு, கொடி, கோடி, படம், பட்டம்.

தவறு எப்படி வருகிறது என்று குறித்துக்கொள்வதே முக்கியம். கல்லும் காலும் ஒன்றாக ஒலித்தால் குறில் நெடில் பிடிபடவில்லை. 'பட்டம்' என்பதைப் 'படம்' என்றால் புள்ளி வைத்த எழுத்தைக் கண் தாண்டிவிடுகிறது. 'கொ'வைக் 'கெ, கா' என்று இரண்டாகப் பிரித்தால், முன்னும் பின்னும் நிற்கும் குறிகள் ஓர் எழுத்துக்கே உரியவை என்பது இன்னும் விளங்கவில்லை. ஒரு வாரத்துக்கு ஒரே குறையை மட்டும் திருத்தினால் போதும். மூன்றையும் சேர்த்துத் திருத்தப் போனால் பிள்ளை வாயைத் திறக்காது.

அன்றைய டியூசனில் இருபது பேர் வரிசையாக உட்கார்ந்தாலும் பாடம் நடக்கும். வாசிப்பு வகுப்புக்கு நான்கு பேருக்கு மேல் ஆகாது, ஒவ்வொருவரும் வாய்விட்டு வாசிக்க வேண்டுமே. வாரம் இரண்டு மணி நேரம், தலைக்கு மாதம் 60 ரிங்கிட் என்று வைத்தால் 240 ரிங்கிட் வரும். மணிக்கு 30 ரிங்கிட். ஓய்வூதியத்துக்குத் துணையாகுமே தவிர, குடும்பம் நடத்தப் போதாது. 1996 கல்விச் சட்டம் கற்பிக்கும் நிலையத்துக்கும் ஆசிரியருக்கும் பதிவு கேட்கிறது. ஆகவே பலகை மாட்டுவதற்கு முன் கோல மூடா, யான் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

நேரமும் மாறிவிட்டது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் பிற்பகலில் வீட்டில் இருந்தார்கள். இன்று தாமான் வீடுகளில் தாயும் தந்தையும் ஷிப்ட் மாறி வேலைக்குப் போகிறார்கள். வகுப்பு நேரத்தை அதற்கேற்ப வைக்காவிட்டால் பிள்ளை பாதியில் நின்றுவிடும்.

மூன்று மாதம் ஒழுங்காக வந்தும் கல்லும் காலும் பிரியவில்லை என்றால் கட்டணத்தை நிறுத்திவிட்டுப் பார்வையையும் காதையும் வாசிப்புக் குறைபாட்டையும் அரசு மருத்துவமனையில் சோதிக்கச் சொல்ல வேண்டும். 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று சொல்லி அடுத்த மாதக் கட்டணத்தை வாங்குவது இந்தத் தொழிலுக்கு ஆகாது.